ராத்திரியில் எழுதிய ஆப் யாருக்குச் சொந்தம்? இரண்டாம் வேலை குறித்த கேள்வி பதில்

நான் சென்னையில் வேலை தொடர்பான வழக்குகள் பார்க்கும் வக்கீல். அதற்கு முன்பு கம்பெனிகளுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால் அந்த ஷரத்துகளை எழுதுகிறவர்கள் மனதில் என்ன இருக்கும் என்பது ஓரளவு தெரியும். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல், வேலையில் இருந்துகொண்டே வெளியே வேறு வேலை செய்யலாமா, அதில் உருவாக்குவது யாருக்குச் சொந்தம் என்பதைச் சுற்றியே இருந்தன. அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன்.

சோழிங்கநல்லூர் எஞ்சினியர்: மேடம், நான் ஓஎம்ஆர்ல ஒரு லாஜிஸ்டிக்ஸ் சாஃப்ட்வேர் கம்பெனில இருக்கேன். ராத்திரில மளிகைக் கடைக்காரங்களுக்கு கடன் நோட்டு மாதிரி ஒரு ஆப் எழுதறேன். இன்னும் ஒரு பைசா வாங்கல. இது செகண்ட் ஜாப் ஆகாதுதானே?

பைசா வாங்காததால் மட்டும் தப்பிக்க முடியாது. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்து மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, 'முழு நேரத்தையும் கவனத்தையும் கம்பெனிக்கே தர வேண்டும், எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் வேறு எந்தத் தொழிலிலும் ஈடுபடக் கூடாது' என்ற வரி. அநேகமாக எல்லா ஆர்டரிலும் இருக்கும். அதில் 'சம்பளத்துக்கோ சம்பளம் இல்லாமலோ' என்று சேர்த்திருப்பார்கள். உங்கள் வாதம் அங்கேயே விழுந்துவிடும்.

இரண்டாவது, நலன் முரண்பாடு பற்றிய பகுதி. பெரும்பாலும் ஆர்டரில் இருக்காது, நடத்தை விதிகள் என்ற தனிக் கோப்பில் இருக்கும். சேர்ந்த முதல் வாரத்தில் 'படித்தேன்' என்று கிளிக் செய்திருப்பீர்களே, அதுதான். போட்டிக் கம்பெனி, வாடிக்கையாளர், சப்ளையர் ஆகியோரோடு தொடர்பு இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்லும். உங்கள் கம்பெனி கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் சாஃப்ட்வேர் செய்கிறது, நீங்களும் கடைக்கு ஆப் செய்கிறீர்கள். உங்களுக்கு இரண்டும் வேறு வேறு. ஆனால் 'அடுத்த வருஷம் நாங்களும் கடைக்காரர் பக்கம் போவதாக இருந்தோம்' என்று அவர்கள் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம்.

மூன்றாவதுதான் முக்கியம். நீங்கள் எழுதுவது யாருக்குச் சொந்தம் என்ற ஷரத்து. ஒழுங்கு நடவடிக்கை வந்தால் வேலை போகும், வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இந்த ஷரத்தில் மாட்டினால் ஆப்பே போய்விடும்.

அதே எஞ்சினியர்: அதெப்படி மேடம்? என் லேப்டாப், என் நேரம், என் மூளை!

சட்டம் அடிப்படையில் உங்கள் பக்கம்தான். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி, வேலையின் போக்கில் ஊழியர் உருவாக்கியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிதான் முதல் உரிமையாளர். 'வேலையின் போக்கில்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் வேலைக்குச் சம்பந்தமில்லாததை, வேலை நேரத்துக்கு வெளியே, சொந்தக் கருவியில் செய்தால் இந்தப் பிரிவு கம்பெனிக்கு உதவாது.

அதனால்தான் ஆர்டரில் தனியாக ஒரு ஷரத்து வைக்கிறார்கள். அதில் இரண்டு வகை பார்த்திருக்கிறேன். குறுகிய வகை: 'கடமையைச் செய்யும்போது, அல்லது கம்பெனியின் கருவி, தகவல் ஆகியவற்றைப் பயன்படுத்தி உருவாக்கியவை.' அகண்ட வகை: 'வேலையில் இருக்கும் காலத்தில், அலுவலக நேரத்திலோ வெளியிலோ, கம்பெனியின் தற்போதைய அல்லது எதிர்காலத் தொழிலோடு தொடர்புள்ள எதுவும்.' உங்களுடையது எந்த வகை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

அகண்ட வகை கோர்ட்டில் முழுசாக நிற்குமா? உறுதியாகச் சொல்ல மாட்டேன். பதிப்புரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். இன்னும் எழுதப்படாத படைப்பையும் முன்கூட்டியே எழுதித் தரலாம், அது உருவானதும் மாற்றம் நடைமுறைக்கு வரும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு வைத்துக்கொள்ளும். இதில் வாதாட இடம் உண்டு. ஆனால் உங்கள் ஆப்பில் பணம் போட வருகிறவர் அந்த வாதம் முடியும் வரை காத்திருக்க மாட்டார். ஷரத்தைப் பார்த்ததும் போனை வைத்துவிடுவார்.

வேளச்சேரியிலிருந்து ஒருவர்: சும்மா பயமுறுத்தாதீங்க. காண்ட்ராக்ட் ஆக்ட் 27-ஆம் பிரிவுப்படி தொழில் செய்யத் தடை போடற ஒப்பந்தமே செல்லாது. தம்பி, நீங்க தைரியமா நடத்துங்க.

பாதி சரி. 'வேலையை விட்ட பிறகு இரண்டு வருடம் இதே துறையில் இறங்கக் கூடாது' என்ற ஷரத்துக்கு அந்தப் பிரிவு எமன். ஆனால் வேலையில் இருக்கும்போது போடும் கட்டுப்பாட்டை அது பொதுவாகத் தொடாது. 1967-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த கோலிகரி வழக்கு இதற்குப் பழைய உதாரணம். டயர் நூல் தயாரிக்கும் ஆலையில் ஐந்து வருட ஒப்பந்தத்தில் சேர்ந்த ஷிஃப்ட் சூப்பர்வைசர், இடையிலேயே போட்டி ஆலைக்குப் போனார். அந்த ஐந்து வருடத்துக்குள் போட்டியாளரிடம் வேலை செய்யக் கூடாது என்ற ஷரத்து செல்லும் என்றது கோர்ட். தம்பி இன்னும் சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறார். 27-ஐ நம்பி இறங்க வேண்டாம்.

சோழிங்கநல்லூர் எஞ்சினியர்: பாத்துட்டேன் மேடம். ரெண்டாவது வகைதான், 'தொழிலோடு தொடர்புள்ள' எல்லாம் இருக்கு. அதோட இன்னொன்னு. என் லேப்டாப் சர்வீஸ்ல இருந்தப்போ ஆஃபீஸ் லேப்டாப்ல கொஞ்சம் எழுதினேன்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டரில் இதை ஓட்டிப் பாருங்கள்:

```
git log --format='%ae %ad'
```

ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது கோடைப் பதிவு செய்த ஒவ்வொரு முறைக்கும், எந்த ஈமெயில், எந்தத் தேதி, எத்தனை மணி என்று வரும். ஆஃபீஸ் லேப்டாப்பில் ஆஃபீஸ் ஐடி ஏற்கெனவே செட் ஆகியிருக்கும். அங்கிருந்து போட்ட கமிட்டில் கம்பெனி ஈமெயில் தானாக ஒட்டிக்கொண்டிருக்கும். செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு ஒரு கமிட் இருந்தால், அது வேலை நேரமா இல்லையா என்று யாரும் வாதாட வேண்டியதில்லை.

அதைப் பார்த்துப் பதறி ஹிஸ்டரியைத் திருத்தாதீர்கள். ஆஃபீஸ் லேப்டாப்பில் கண்காணிப்பு மென்பொருள் இருந்தால் பழைய பதிவு அவர்களிடம் இருக்கலாம். அப்போது சின்ன மீறலாக இருந்தது ஆதாரத்தை அழித்த குற்றச்சாட்டாக மாறும். அந்த லேப்டாப்பில் எழுதிய பகுதி எது என்று தனியாகக் குறித்து வையுங்கள். அந்தப் பகுதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சொந்த மெஷினில் வேறு விதமாகப் புதிதாக எழுதுவதே சுத்தம். பழையது ஹிஸ்டரியில் இருக்கட்டும்.

அம்பத்தூர் அக்கவுன்டன்ட்: அக்கா, UAN ஒண்ணுதானே? ரெண்டு இடத்துல PF போனா மாட்டிக்குவேனா?

ஆமாம், பாஸ்புக்கில் ஒரே மாதத்துக்கு இரண்டு நிறுவனங்களின் பங்களிப்பும் தெரியும். அடுத்த வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் UAN விவரம் கேட்பார்கள். ஃப்ரீலான்ஸாக பில் போட்டு வாங்கினால் PF வராது. ஆனால் TDS பிடித்திருந்தால் உங்கள் வருமான வரிப் பதிவில் இருக்கும். சில கம்பெனிகள் அதையும் கேட்கின்றன. 2022-இல் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை பார்த்த முந்நூறு பேரை நீக்கியதாக வெளிப்படையாகச் சொன்னார். அதே வருடம் இன்ஃபோசிஸ், முன் அனுமதி வாங்கினால், போட்டி இல்லாத இடத்தில் வெளி வேலை செய்யலாம் என்றது. அதனால் ஒளிப்பதைவிடக் கேட்பது மேல். இன்னொன்று: இரண்டு இடத்திலும் சம்பளமாக வாங்கினால், இரண்டு பேருமே அடிப்படை வரிவிலக்கைக் கழித்துத்தான் வரி பிடிப்பார்கள். ரிட்டர்ன் போடும்போது மீதி வரி கையைக் கடிக்கும்.

தாம்பரம் வாசகர்: நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என் வீட்டுல சாயங்காலம் டியூஷன் எடுக்கலாமா? அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல ஒண்ணும் போடல.

உங்களுக்கு ஆர்டரே தேவையில்லை ஐயா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவே ஆசிரியர்கள் தனியார் டியூஷன் எடுப்பதைத் தடுக்கிறது. அதுபோக, அரசு ஊழியர் நடத்தை விதிகள் தனி. மேலே பேசிக்கொண்டிருப்பது தனியார் கம்பெனி ஒப்பந்தம்.

கிண்டியிலிருந்து ஒருவர்: இந்தத் தம்பி என்னை மாதிரி ஏமாறக் கூடாது. நான் ஒரு சின்ன டிசைன் வேலை எடுத்தேன். மேனேஜர் கேன்டீன்ல 'பண்ணுப்பா, எனக்கு ஓகே'ன்னார். அவர் வேற கம்பெனிக்குப் போனதும் புது மேனேஜர் ஷோ காஸ் அனுப்பிட்டார். இன்னும் விசாரணை நடக்குது.

அன்றைக்கே மேனேஜருக்கு ஒரு மெயில் போட்டிருந்தால் இந்த ஷோ காஸுக்கு அதுவே பாதி பதில். ஆர்டரில் 'எழுத்துபூர்வ அனுமதி' என்று இருந்தால் கேன்டீன் பேச்சு அனுமதி ஆகாது. ஆனால் தண்டனையைக் குறைக்க உதவலாம். அவரோடு அந்தக் காலத்தில் வாட்ஸ்ஆப்பில் இதைப் பற்றிப் பேசியிருந்தால் எடுத்து வையுங்கள். அவர் இப்போது ஒரு வரி எழுதிக் கொடுப்பாரா என்றும் கேட்டுப் பாருங்கள். முடிவு எப்படி வரும் என்று ஃபைலைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

சோழிங்கநல்லூர் எஞ்சினியர்: சரி மேடம், அனுமதி கேக்கறேன். மெயில்ல என்ன எழுதணும்? மனைவி பேர்ல நடத்தினா இந்தத் தலைவலியே இல்லைனு ஃப்ரெண்ட் சொல்றான்.

ஃப்ரெண்ட் சொல்வதை விடுங்கள். கோட் நீங்கள் எழுதினால் பேர் யாருடையதாக இருந்தாலும் ஷரத்து உங்களைத்தான் பிடிக்கும். பல நடத்தை விதிகளில் குடும்பத்தினர் தொழிலையும் தெரிவிக்கச் சொல்லியிருக்கும்.

மெயில் HR-க்குப் போகட்டும், மேனேஜருக்கு நகல். உங்கள் சொந்த ஐடிக்கும் ஒரு நகல் வையுங்கள், ஆனால் கம்பெனி ரகசியம் எதையும் அதில் சேர்க்காதீர்கள். ஆப் என்ன செய்யும், யார் பயன்படுத்துவார்கள், எந்த நேரத்தில் வேலை செய்கிறீர்கள், எந்தக் கருவி என்று நாலு வரி. ஆஃபீஸ் லேப்டாப்பில் எழுதியதையும் மறைக்காமல் சொல்லி, அந்தப் பகுதியை நீக்கிவிட்டதாக எழுதுங்கள். இது உங்களுக்குக் கசக்கும், தெரியும். பிறகு கேட்க வேண்டியது இரண்டு: வெளி வேலைக்கு அனுமதி, இந்த ஆப்பின் மீது கம்பெனிக்கு உரிமை இல்லை என்ற உறுதி. முதலாவதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள்தான் அதிகம். அனுமதி இருந்தாலும் உரிமை ஷரத்து அப்படியே இருக்கும்.

அதே எஞ்சினியர்: மெயில் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு, HR பதிலே இல்ல. பதினெட்டுக் கடைக்காரங்க காத்திருக்காங்க. ரிலீஸ் பண்ணிடலாமா?

வேண்டாம். பதில் இல்லை என்றால் சம்மதம் என்று உங்கள் ஆர்டரில் எழுதியிருந்தால் தவிர, மௌனம் அனுமதி ஆகாது. ஒரு நினைவூட்டல் போட்டு, இந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்று கேளுங்கள். அதுவரை கடைக்காரர்களிடம் பணம் வாங்காதீர்கள், ஆஃபீஸ் சகாக்களைச் சேர்க்காதீர்கள். முடியாது என்றால் இரண்டு வழிதான்: ஆப்பை ஓரம் கட்டுவது, இல்லை வேலையை விடுவது. விடுவதென்றால் நோட்டீஸ் பீரியட் முடியும் வரை நீங்கள் ஊழியர்தான், ஷரத்தும் கூடவே வரும். ஏற்கெனவே எழுதிய பகுதி பற்றிய கேள்வி அதோடு தீராது. ரிலீவிங் பேச்சு நடக்கும்போதே உரிமை இல்லை என்ற கடிதத்தையும் கேளுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கும் உங்களிடமிருந்து ஹேண்டோவர் வேண்டியிருக்கும். முதல் பில்லை கடைசி வேலை நாள் கழிந்த பிறகு போடுங்கள்.