நின்றுபோனால் தெரியும், தப்பாக ஓடினால்?

கேள்வி: சப்ளையர் போர்ட்டலில் ஏபிஐ கிடையாது. தினமும் ராத்திரி ஹெட்லெஸ் பிரவுசர் விட்டு ரிப்போர்ட் இறக்கலாம் என்று இருக்கிறேன். நம்பி விடலாமா?

விடலாம், நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன். ஆனால் பட்டன் பெயர் மாறி ஸ்கிரிப்ட் நின்றுபோகும் என்று எல்லோரும் பயமுறுத்துவார்களே, அது பெரிய பிரச்சினையே இல்லை. நின்றால் காலையில் ஃபைல் இருக்காது, தெரிந்துவிடும். நிற்காமல் தப்பான ஃபைலை இறக்கிக்கொண்டே இருந்தால்தான் கஷ்டம். எனக்கு அது மூன்று வாரம் நடந்தது.

ஈரோட்டில் பைப், ஃபிட்டிங் விற்கும் ஒரு விநியோகஸ்தரிடம் வேலை பார்க்கிறேன். கம்பெனி டிப்போவிலிருந்து எங்கள் கடைகளுக்கு அனுப்பிய சரக்கின் பொருள்வாரி ரிப்போர்ட் அவர்கள் போர்ட்டலில் மட்டும்தான் கிடைக்கும். பிளேரைட்டில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன்: லாகின் ஆகும், ரிப்போர்ட் பக்கத்தைத் திறக்கும், எக்ஸ்போர்ட் அழுத்தும். தேதிக் கட்டங்களில் போர்ட்டலே நேற்றைய தேதியைப் போட்டு வைத்திருக்கும் என்பதால் நான் அதைத் தொடவே இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏழு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அப்புறம் கரன்ட் போகிறது என்று கிளவுட் சர்வருக்கு மாற்றினேன். சர்வர் யூடிசி நேரத்தில் இருந்தது. அது எனக்கும் தெரியும், அதனால்தான் விடியற்காலை 2 மணி ஓட்டத்துக்கு க்ரானில் 20:30 என்று போட்டேன், ஃபைல் பெயருக்கான தேதியையும் இந்திய நேரத்தில் கணக்கிட்டேன். ஆனால் கட்டத்தில் இருக்கும் அந்த ‘நேற்று’ போர்ட்டல் சர்வரிலிருந்து வருவதில்லை. பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட், பிரவுசர் ஓடும் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பார்த்துப் போடுகிறது. இங்கே திங்கள் விடியற்காலை 2 மணி என்றால் அங்கே இன்னும் ஞாயிறு இரவு 8:30, ஆகவே பிரவுசருக்கு நேற்று என்பது சனி. ஞாயிறு என்று பெயர் போட்ட ஃபைலுக்குள் சனிக்கிழமைச் சரக்கு. எண்ணிக்கை, வடிவம் எல்லாம் வழக்கம்போல இருந்ததால் எந்தச் சோதனையிலும் மாட்டவில்லை.

கண்டுபிடித்தது கணக்கு பார்க்கும் அக்கா. “தம்பி, ஞாயித்துக்கிழமை டிப்போவே திறக்க மாட்டாங்களே, அன்னைக்கு லோடு காட்டுது, திங்கக்கிழமை ஒண்ணுமே இல்லையே” என்றார். போர்ட்டல்காரன் லேட்டாக அப்டேட் செய்கிறான் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த ஞாயிறும் அப்படியே வந்ததும்தான், எக்ஸ்போர்ட் அழுத்துவதற்கு முன்னால் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுக்க வைத்துப் பார்த்தேன். கட்டத்தில் ஒரு நாள் பின்னால் இருந்தது.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், ஃபைலின் தலைப்பிலேயே எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அச்சடித்து வருகிறது. அந்த நாலு வரியும் இடைஞ்சல் என்று `skiprows=4` போட்டுத் தூக்கியெறிந்தது நான்தான்.

இப்போது பிரவுசருக்கு நேர மண்டலம் சொல்லிவிடுகிறேன், தேதியை நானே நிரப்புகிறேன், வந்த ஃபைலின் தலைப்பையும் படிக்கிறேன்:

```python
ctx = browser.new_context(timezone_id="Asia/Kolkata")
# லாகின், தேதி நிரப்பல், டவுன்லோட் இங்கே
head = pd.read_excel(path, header=None, nrows=4)
assert want in head.to_string()
```

`want` என்பது நான் கேட்ட தேதி, தலைப்பில் அச்சாகும் அதே வடிவத்தில். இந்த ஒரு சோதனைக்கு இன்னொரு லாபமும் உண்டு. செஷன் முடிந்து, ரிப்போர்ட்டுக்குப் பதில் லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல் `.xlsx` என்ற பெயரில் வந்து உட்கார்ந்தால், `read_excel` அங்கேயே பிழை காட்டி நின்றுவிடும்.

பிரவுசர் எதற்கு, எக்ஸ்போர்ட் முகவரியை நேரடியாக அழைக்கலாமே என்று யாராவது வருவீர்கள். முயன்றேன். அந்தப் பக்கம் கடவுச்சொல்லை ஜாவாஸ்கிரிப்டில் ஏதோ செய்துதான் அனுப்புகிறது, அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு நேரம் இல்லை. திருட்டுத்தனமும் இல்லை, எங்கள் சொந்த லாகின், ஒரு நாளுக்கு ஒரு தடவை, மெயிலில் கேட்டு சம்மதம் வாங்கியிருக்கிறோம். அதே மெயிலில், ஃபைலை தினமும் மெயிலிலேயே அனுப்ப முடியுமா என்றும் கேட்டோம். அதற்குப் பதில் இல்லை. டீலர் மீட்டிங்குக்கு வருஷா வருஷம் ஆளுக்கொரு கண்ணாடி ஷீல்டு கொடுக்க முடிகிறவர்களுக்கு இது முடியவில்லை. இந்த ஸ்கிரிப்ட் எழுதிய பாவத்துக்கு இப்போது ஆபீஸில் பிரின்டர் மக்கர் செய்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள், அது தனிக்கதை.

உங்கள் ரிப்போர்ட்டில் தேதி வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் எக்ஸ்போர்ட் அழுத்துமுன் தேதிக் கட்டத்தில் உள்ளதை ஸ்கிரிப்ட் திரும்பப் படித்து, கேட்ட தேதியோடு ஒப்பிட்டுவிட்டு அழுத்தட்டும். எங்களுக்கு ஞாயிறு காலி ஃபைல் வந்தால்தான் சரி, அதையும் ஒரு சோதனையாகவே வைத்திருக்கிறேன். டிப்போ ஒரு ஞாயிறு நிஜமாகவே திறந்தால் அலாரம் அடிக்கும், அடிக்கட்டும், அக்காவிடம் கேட்டுக்கொள்வேன்.