விளம்பரத்துக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு போடலாம், எப்போது கூட்டலாம்?

கேள்வி: ஆன்லைனில் ஒரே ஒரு பொருள் விற்கிறேன். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவில் புது விளம்பரம் தொடங்கி தினம் 500 ரூபாய் போட்டேன். இரண்டு நாளில் 5 ஆர்டர் வந்துவிட்டது. இப்போதே பட்ஜெட்டை நான்கு மடங்காக்கலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். முதலில் ஒரு விற்பனையில் கையில் என்ன நிற்கிறது என்று பாருங்கள். விலை 1,000, பொருள், பேக்கிங், அனுப்பும் செலவு, திரும்பி வரும் சரக்கின் நஷ்டம் எல்லாம் போக 400 மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு ஆர்டருக்கு விளம்பரம் 400-க்கு மேல் தின்றால் நஷ்டம்தான்.

உங்களுக்கு இப்போது ஆர்டருக்கு 200 ஆகியிருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான செலவு 400 ஆக இருந்தாலும், வெறும் அதிர்ஷ்டத்தில் 1,000 செலவுக்கு 5 ஆர்டரோ அதற்கு மேலோ வருவது பத்தில் ஒரு தடவை நடக்கக்கூடியது. அதனால் இரண்டு நாள் கணக்கை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

மெட்டாவின் கணினி யாருக்குக் காட்டுவது என்று பழக, ஒரு ஆட் செட்டுக்கு, அதாவது ஒரே கூட்டத்துக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்புக்கு, வாரம் சுமார் 50 ஆர்டர் கேட்கும். அதுவரை Learning என்று காட்டும். ஆர்டருக்கு 280 என்று இலக்கு வைத்தால், தினம் 7 ஆர்டருக்குச் சுமார் 2,000 ஆகிறது. அந்தப் பணம் கையில் இல்லையென்றால் குறைவாகவே ஓட்டலாம். பழக நாளாகும், அவ்வளவுதான். ஆனால் இருக்கிற சொற்பப் பணத்தை நான்கு ஆட் செட்டாகப் பிரித்துவிடாதீர்கள். பலர் செய்வது அதைத்தான்.

2,000-க்குப் போவதானால்கூட ஒரே தாவலில் வேண்டாம். பட்ஜெட்டைத் திடீரென்று பெரிதாக மாற்றினால் பழகியது கலைந்து மறுபடி Learning-க்கே போய்விடும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை 20 சதவீதம் கூட்டுவதுதான் பலரும் பின்பற்றும் வழக்கம். இன்று விளம்பரத்தைச் சொடுக்கியவர் நாலு நாள் கழித்து வாங்கலாம் என்பதால், அந்த இடைவெளி கணக்குப் பார்க்கவும் வேண்டும்.

சரி, 2,000-க்கு வந்து, தினம் 8 ஆர்டர் நிலையாகக் கிடைக்கிறது, ஆர்டருக்கு 250. அப்புறம் படிப்படியாக 3,000 ஆக்குகிறீர்கள், 10 ஆர்டர் வருகிறது. சராசரி 300, அதுவும் 400-க்குக் கீழேதானே என்று தோன்றும். இங்கேதான் ஏமாறுகிறோம். கூடுதலாகப் போட்ட 1,000 கொண்டுவந்தது 2 ஆர்டர் மட்டுமே. அவை ஒவ்வொன்றுக்கும் 500 ஆகியிருக்கிறது. முன்பு தினம் 1,200 லாபம், இப்போது 1,000. விற்பனை கூடி லாபம் இறங்கிவிட்டது. சுலபமாக வாங்குகிறவர்கள் முதலிலேயே வாங்கிவிடுவதால் இப்படி ஆகும்.

ஆகவே ஒவ்வொரு படியிலும் சராசரியை விட்டுவிட்டு, கூட்டிய தொகையைக் கூடிய ஆர்டரால் வகுத்துப் பாருங்கள். ஒரு வாரக் கணக்கில் அது 400-ஐத் தாண்டினால் முந்தைய படிக்கு இறங்கிவிடுங்கள். அதற்கு மேல் வளர வேண்டுமென்றால் புதிய வீடியோவோ வேறு வாடிக்கையாளர் கூட்டமோதான் தேவை.