நாத்தனார் திருத்திய மருத்துவர்

கோவையில் ஓர் இதயநோய் மருத்துவருக்காக லிங்க்ட்இன் பதிவுகள் எழுதித் தருகிறேன். மாதம் 8 பதிவு, 6,000 ரூபாய். வீட்டு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, நாத்தனாரும் கொழுந்தனும் சொல்லும் திருத்தங்களைச் செய்துதான் அனுப்புகிறேன். அப்படியும் ‘நான் பேசுற மாதிரி இல்லையே’ என்கிறார். இப்போது அவர் அம்மாவின் எண்பதாம் பிறந்தநாளுக்கு 5 நிமிடப் பேச்சும் கேட்கிறார். கட்டணத்தை எப்படிக் கூட்டிக் கேட்பது?
— வாசகி, ஈரோடு

கட்டணம் இருக்கட்டும். அந்தக் குரூப்பில் எத்தனை பேர்? ஒரு நோயாளியின் வயது, ஊர், வேலை மூன்றும் வரைவில் இருந்தால், பெயர் இல்லாமலே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். நோயாளி மருத்துவரை நம்பிச் சொன்னது, மருத்துவர் உங்களை நம்பிச் சொன்னது, உங்கள் கொழுந்தனின் போனில் கிடக்கிறது. குடும்பத்தாரிடம் ஒளிவுமறைவு கூடாதுதான். ஆனால் அது உங்கள் விஷயங்களுக்கு. அடுத்தவர் ரகசியத்தைப் பங்குபோட உங்களுக்கு உரிமையில்லை. பழைய செய்திகளை இனி எல்லோர் போனிலிருந்தும் அழிக்க முடியாது. அவரவரை அழிக்கச் சொல்லுங்கள். நடந்ததை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அவர் குரல் வராததற்கும் இதுவே காரணம். நாத்தனாருக்குப் பிடித்த வார்த்தை, கொழுந்தனுக்குப் பிடித்த முடிவு என்று சேர்ந்தால் மருத்துவர் எங்கே இருப்பார்? மாதம் ஒருமுறை 40 நிமிடம் அவரைப் பேசவிட்டு, அனுமதியோடு பதிவு செய்யுங்கள். திருத்தாமல் அப்படியே எழுத்தில் இறக்குங்கள். ‘மாரடைப்பு’ என்கிறாரா, ‘அட்டாக்’ என்கிறாரா? ‘பாருங்க’ என்று தொடங்குகிறாரா? வாக்கியத்தைச் சட்டென்று வெட்டுகிறாரா? இதையெல்லாம் ஒரு பக்கத்தில் குறித்துவைத்து எழுதுங்கள். முடித்ததும் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே தடுக்கி வேறு சொல் போடுகிறாரோ, அந்தச் சொல்தான் சரி.

அம்மாவுக்கான பேச்சுக்கு உதவியாளர் குறிப்பு அனுப்பினால் வாங்காதீர்கள். பெற்ற தாயைப் பற்றி மகன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொல்லட்டும். அம்மா அவரை எப்படிக் கூப்பிடுவார், எதற்குக் கோபப்படுவார் என்று கேளுங்கள். ‘அன்பே உருவானவர்’ என்று நீங்களாக நிரப்பினால் சொந்தக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி கட்டணம். ஒரு பதிவுக்கு இரண்டரை மணி நேரம் என்றால் மாதம் 20 மணி, அதாவது மணிக்கு 300 ரூபாய். குரூப் யோசனைக்காகப் போகும் நேரத்தை மருத்துவர் தலையில் கட்ட முடியாது. அதை நிறுத்தி ஒரு பதிவுக்கு ஒன்றரை மணி நேரமாகக் குறைத்தால் அதே பணம் மணிக்கு 500 ஆகிறது. பேச்சுக்குக் கேட்க ஒரு மணி, எழுத 4, அவர் படிக்கக் கேட்டுத் திருத்த ஒன்று. 3,000 ரூபாய் தனியாகக் கேளுங்கள், பாதி முன்பணம். இரண்டு திருத்தத்துக்கு மேல் தனிக் கட்டணம்.

இதோடு ரகசியம் காப்பதையும் பதிவுகளின் உரிமையையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, பொதுவில் பேசிய உரை பேசியவருக்குச் சொந்தம். லிங்க்ட்இன் பதிவு அப்படியில்லை. நீங்கள் அவரிடம் சம்பளத்துக்கு இல்லாததால், உரிமையை அவர் பெயருக்கு எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை அது உங்களுடையதே. எத்தனை ஆண்டுக்கு என்று அதில் குறிக்காவிட்டால் அந்த உரிமை மாற்றம் 5 ஆண்டுதான் செல்லும்.