அதிகம் விற்றும் வருவாய் ஏன் குறைந்தது?

"திட்டமிட்டதைவிட 100 பெட்டிகள் அதிகம் விற்றோம். ஆனாலும் வருவாய் 1,000 குறைவு. எப்படி?"

விலைச்சலுகை மட்டும் காரணமல்ல. உங்கள் விற்பனைக் கலவையே, அதாவது எந்த ரகம் எந்த விகிதத்தில் விற்றது என்பதே, மாறியிருக்கும். ஓர் எடுத்துக்காட்டு: 100 விலையில் உயர்ரகம் 600, 50 விலையில் சாதாரண ரகம் 400 என்பது திட்டம். வருவாய் 80,000, பெட்டிக்குச் சராசரி 80.

உண்மையில் உயர்ரகம் 98 விலையில் 500, சாதாரணம் 50 விலையிலேயே 600 விற்றன. வருவாய் 79,000.

அளவு: கூடுதல் 100 பெட்டி × 80 = 8,000 சாதகம்.

கலவை: 1,100 பெட்டிகளும் பழைய விகிதத்தில் விற்றிருந்தால் 88,000 வந்திருக்கும். விற்ற கலவைக்குத் திட்ட விலையில் 80,000தான். ஆகவே 8,000 பாதகம்.

விலை: 500 × 2 = 1,000 பாதகம்.

அளவும் கலவையும் ஒன்றையொன்று அழித்துவிட்டதால் சலுகை மட்டுமே கண்ணில் படுகிறது. உயர்ரகத்தில் இழந்த அந்த 100 பெட்டிகளை எந்த வாடிக்கையாளர்கள் வாங்காமல் விட்டார்கள் என்று முதலில் பாருங்கள்.