ஹாஷ் டேபிளின் செயினிங் படத்தில் 22 எங்கே வரும்?

“டேபிள் அளவு 7. 15, 22, 8, 10 போட்டேன். 22-ஐ 2-ஆம் கட்டத்தில் வரைந்தது தப்பாம். ஏன்?”

22-உம் 1-ஆம் கட்டத்திலிருந்தே தொங்க வேண்டும்; 22 % 7 = 1. அடுத்த காலிக் கட்டத்துக்குத் தள்ளுவது லீனியர் ப்ரோபிங். அதோடு குழப்பிக்கொண்டீர்கள் போல.

```
0 -> NULL
1 -> 15 -> 22 -> 8 -> NULL
2 -> NULL
3 -> 10 -> NULL
4, 5, 6 -> NULL
```

கட்டத்துக்குள் எண்ணை எழுதாதீர்கள். அங்கே இருப்பது முதல் நோடைக் காட்டும் பாயின்டர் மட்டுமே.

சரிபார்க்க 29-ஐத் தேடுங்கள். 29 % 7 = 1. அந்தச் சங்கிலியில் மூன்று நோடையும் ஒப்பிட்டு NULL-ஐத் தொட்டதும் ‘இல்லை’ என்று நிறுத்த வேண்டும். 2-ஆம் கட்டத்தை எட்டிப் பார்க்கவே கூடாது.

புதிய நோடைத் தலையில் சேர்க்கச் சொல்லியிருந்தால் வரிசை 8, 22, 15 என்று திரும்பும். கேள்வித்தாளில் அதைப் பார்த்துவிட்டு வரையுங்கள்.