சாம்பிராணி, கொசுவர்த்தி, புகைமூட்டம்: ஆஸ்துமா உள்ள வீட்டில் எதை மாற்றுவது?

கேள்வி (ஈசூன், ஆறு வயதுச் சிறுவனின் தாய்): வெள்ளிக்கிழமை இரவுகளில் என் மகனுக்கு இருமல் வருகிறது. நள்ளிரவுக்குமேல் நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. மாலையில் சாம்பிராணி போடுவோம். ஆனால் அப்போது அவன் நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருப்பான். இரவில் ஏர்கான் குளிர்தான் காரணமா?

பதில்: ஏர்கான் எல்லா இரவும் ஓடுகிறது, இருமலோ வெள்ளிக்கிழமையில்தான் வருகிறது என்றால், நான் முதலில் சாம்பிராணியைத்தான் சந்தேகிப்பேன். ஆஸ்துமாப் பராமரிப்புச் செவிலியராக நான் சந்திக்கும் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்த இடைவெளியைத்தான்: புகை மாலையில், இளைப்பு இரவில்.

புகை மூச்சுக்குழாயை இரண்டு வகையில் தாக்குகிறது. அதிலுள்ள எரிச்சலூட்டும் வாயுக்கள் குழாயின் உட்சுவரில் இருக்கும் நரம்பு முனைகளைத் தூண்ட, சுற்றியுள்ள தசை சில நிமிடங்களிலேயே இறுகிவிடலாம். இது கண்ணுக்குத் தெரியும் தாக்குதல். மற்றது மெதுவாக நடப்பது. மிக நுண்ணிய துகள்கள் சிறு குழாய்கள் வரை இறங்கி அங்கே தங்கிவிடுவதால், அடுத்த சில மணி நேரத்தில் உட்சுவர் வீங்குகிறது, சளி சுரக்கிறது. ஆஸ்துமா இயல்பாகவே பின்னிரவில் மோசமடையும் நோய் என்பதால், மாலையில் தொடங்கிய வீக்கம் இரண்டு, மூன்று மணிக்கு வெளிப்படுகிறது. வீட்டார் பழியை ஏர்கான்மீதும் ஐஸ்கிரீம்மீதும் போடுகிறார்கள்.

சில வாரங்களுக்கு ஒரு குறிப்பேடு வையுங்கள். எந்த நாளில் என்ன எரிந்தது, சன்னல் திறந்திருந்ததா, இரவில் எத்தனை மணிக்கு இருமினான், நிவாரண இன்ஹேலர் எத்தனை முறை தேவைப்பட்டது, சளிக்காய்ச்சல் இருந்ததா என்ற ஐந்து விவரங்கள் போதும். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கும் பூவும் மட்டும் வைத்துப் புகையை விட்டுப் பாருங்கள். அடுத்த வாரமும் அப்படியே செய்யுங்கள். அவனுடைய ஆஸ்துமாத் தடுப்பு மருந்தை அந்த வாரங்களில் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். அப்படிச் செய்தால் எது பலன் தந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

கேள்வி (அதே தாய், சில வாரங்களுக்குப் பின்): சாம்பிராணி போடாத வெள்ளிக்கிழமைகளில் அவன் நன்றாகத் தூங்கினான். ஒரு முறை மட்டும் புகையே இல்லாமலும் இருமல் வந்தது. அன்று அவனுக்குச் சளி. இப்போது மாமியார், "ஹாலில் போட்டு அறைக்கதவைச் சாத்தினால் ஆகாதா" என்று கேட்கிறார்.

பதில்: சளி வந்த அந்த இரவை நீங்கள் மறைக்காமல் எழுதியது நல்லது. பிள்ளைகளின் ஆஸ்துமாத் தாக்குதலுக்கு வைரஸ் சளியே மிகப் பொதுவான காரணம்; புகையும் சளியும் ஒரே வாரத்தில் சேர்ந்தால் நிலைமை இன்னும் கடினமாகும். ஆகவே உங்கள் குறிப்பேடு புகைக்கு எதிராக வலுவாகப் பேசுகிறது, ஆனால் அது ஒன்றே காரணம் என்று சொல்லவில்லை.

கதவைச் சாத்துவது போதாது. வீவக வீட்டு அறைக்கதவின் அடியில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருக்கும். அந்த நுண்துகள்களோ தரையில் படியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதப்பவை. வாசனை போய்விட்டது என்பதால் துகளும் போய்விட்டது என்று கொள்ளக் கூடாது. உங்கள் மாமியாரிடம் நான் சொல்வது இதுதான்: அம்மா, பூசை தொடரட்டும், எரிவது மட்டும் குறையட்டும். நெய் விளக்கு ஒன்று, பூ, மணி போதும். பொங்கல், தீபாவளி போன்ற நாள்களில் சாம்பிராணி தவிர்க்க முடியாது என்றால், பையன் வீட்டில் இல்லாத நேரத்தில், சன்னலையும் வாசற்கதவையும் திறந்து, மின்விசிறியை வெளிப்பக்கம் நோக்கி வைத்துச் சிறிதளவு போட்டு அணைத்துவிடுங்கள். அவன் திரும்புவதற்குள் ஓரிரு மணி நேரமாவது காற்றோட்டம் வேண்டும். கரி இல்லாத மின்தட்டு கரிப்புகையைத் தவிர்க்கும், ஆனால் பிசின் சூடாகி வரும் புகையைத் தவிர்க்காது.

கேள்வி (தெம்பனிஸ், மூத்த வாசகர்): நாங்கள் கம்பத்தில் விறகடுப்புப் புகையில்தான் வளர்ந்தோம். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இந்தக் காலப் பிள்ளைகளை நாம் பலவீனமாக்கிவிட்டோம் அல்லவா?

பதில்: ஐயா, அந்தக் காலத்திலும் இளைப்புக்காரர்கள் இருந்தார்கள், அவர்களை "ஈளை உடம்பு" என்று சொல்லி ஒரு மூலையில் உட்கார வைத்தோம். ஆஸ்துமா இல்லாத குழாய் புகையை ஓரளவு தாங்கும். ஏற்கெனவே வீங்கியிருக்கும் குழாய் தாங்காது.

பிள்ளைகளுக்குக் கூடுதல் சிரமம் இருப்பது அளவினால். குழாய் குறுகக் குறுகக் காற்றுக்கு ஏற்படும் தடை பன்மடங்கு பெருகுகிறது. 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெரிய குழாயின் சுவர் சுற்றிலும் 1 மில்லிமீட்டர் வீங்கினால் தடை ஏறக்குறைய மூன்று மடங்காகும். 4 மில்லிமீட்டர் குழாயில் அதே வீக்கம் பதினாறு மடங்காக்கிவிடும். மேலும், உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளை பெரியவரைவிட அதிகக் காற்றை உள்ளிழுக்கிறது. ஒரே ஹாலில் ஒரே புகையை இருவரும் சுவாசித்தாலும் இருவருக்கும் நேர்வது ஒன்றல்ல.

கேள்வி (ஜூரோங், வாடகை அறையில் வசிப்பவர்): எனக்கு ஆஸ்துமா இல்லை, சைனஸ் மட்டும்தான். டெங்கிப் பயத்தால் இரவில் கட்டிலுக்கு அடியில் கொசுவர்த்தி வைப்பேன். காலையில் மூக்கடைப்பு. நான் எந்த இன்ஹேலர் வாங்கலாம்?

பதில்: தம்பி, இன்ஹேலரை நீங்களாக வாங்க வேண்டாம், மூக்கடைப்புக்கு அது மருந்தும் அல்ல. முதலில் சுருளை அணையுங்கள். 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்ததற்குச் சமம். அதை மூடிய அறையில், கட்டிலுக்கு அடியிலேயே வைத்துத் தூங்குகிறீர்கள். டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில், குறிப்பாகக் காலையிலும் மாலையிலும் கடிப்பது. ஆகவே இரவுச் சுருள் உங்கள் பயத்துக்குச் சரியான மருந்தும் அல்ல. சன்னல் வலை, கொசுவலை, மின்விசிறி, தேங்கிய நீரைக் கொட்டுவது ஆகியவை புகையில்லாத வழிகள். சுருளை நிறுத்திய பிறகும் இரவில் இருமலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் பலதுறை மருந்தகத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்; பெரியவர்களுக்கும் ஆஸ்துமா புதிதாக வரும்.

கேள்வி (உட்லண்ட்ஸ், இரு பிள்ளைகளின் தந்தை): புகைமூட்டம் வந்தால் சன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டால் காற்று சுத்தமாகிவிடும். நான் சிகரெட் பிடித்தாலும் சேவை முற்றத்தில்தான். இதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?

பதில்: சன்னலைச் சாத்துவது சரி. ஏர்கான் சுத்தமாக்கும் என்பது சரியல்ல: நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருப்பது அறைக்காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றிக் குளிரவைக்கும் இயந்திரம். அதன் வலை தூசியைப் பிடிக்கும், நுண்துகளைப் பிடிக்காது. அதற்கு ஹெப்பா வடிகட்டி கொண்ட சுத்திகரிப்பான் வேண்டும். வாங்குமுன் ஒரு கணக்குப் போடுங்கள். 3 மீட்டருக்கு 3 மீட்டர் அறை, கூரை உயரம் 2.6 மீட்டர் என்றால் கொள்ளளவு சுமார் 23 கனமீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஐந்து முறை வடிகட்டப்பட, இயந்திரம் மணிக்கு ஏறக்குறைய 120 கனமீட்டர் சுத்தக் காற்றைத் தர வேண்டும். அதைவிடச் சிறியது பெயரளவுக்குத்தான் ஓடும். வீடு முழுவதற்கும் பெரிய இயந்திரம் தேடாமல், பிள்ளைகள் தூங்கும் அறை ஒன்றைச் சுத்த அறையாக்குங்கள். ஓசோன் வெளியிடும் கருவி வேண்டாம். ஓசோனே மூச்சுக்குழாயை எரிக்கும்.

சன்னலைச் சாத்திய நாளில் உள்ளே எரிவது எல்லாம் உள்ளேயே நிற்கும் என்பதையும் மறக்க வேண்டாம். அன்று மிளகாய் தாளிப்பும் ஊதுபத்தியும் இரு மடங்கு தொல்லை. myENV செயலியில் 24 மணி நேரக் காற்றுமாசுக் குறியீடு நாளைய திட்டத்துக்கு. பிள்ளையை இப்போது வெளியே அனுப்பலாமா என்பதற்கு ஒரு மணி நேர PM2.5 நுண்துகள் அளவைப் பாருங்கள். 55க்குள் இருந்தால் அது இயல்பான நிலை. 2013 ஜூன் 21 அன்று மூன்று மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டபோது பார்த்தோம், சில மணி நேரத்திலேயே நிலைமை எவ்வளவு மாறிவிடும் என்பதை.

சிகரெட்டைப் பற்றி உங்களிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சேவை முற்றத்திலிருந்து புகை சமையலறை வழியே திரும்பி வருகிறது. சட்டையிலும் தலைமுடியிலும் சோபாவிலும் ஒட்டியிருப்பது பிள்ளையைத் தூக்கும்போது அதன் மூக்கருகே வருகிறது. சட்டையை மாற்றிக் கைகழுவுவது ஓரளவு உதவும், ஆனால் அது பாதி வழிகூட இல்லை. உங்களுக்கே ஆஸ்துமா இருந்தால், புகைப்பவரிடம் ஸ்டீராய்டு தடுப்பு மருந்து குறைவாகவே வேலை செய்யும். புகைப்பதை விடுவதுதான் உங்கள் வீட்டில் மிகப் பெரிய மாற்றம். அதற்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு, பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

கேள்வி (பிடோக், ஆஸ்துமா உள்ள பெண்): கீழ்மாடிக்காரர் சன்னலோரம் நின்று புகைக்கிறார். எல்லாம் என் அறைக்கு வருகிறது. சட்டம் இல்லையா?

பதில்: புளோக்கின் பொது நடைபாதை, மாடிப்படி, கீழ்த்தளம் ஆகிய இடங்களில் 2013 முதல் தடை உண்டு; அவருடைய சொந்த வீட்டுக்குள் இல்லை. அதனால் இது நேரில் பேசித்தான் தீர வேண்டியிருக்கிறது, எல்லா நேரமும் தீர்வதில்லை. "எனக்கு ஆஸ்துமா, நீங்கள் புகைக்கும் நேரம் தெரிந்தால் சன்னலைச் சாத்திக்கொள்வேன்" என்று தொடங்கினால் புகார் போல ஒலிக்காது. படுக்கையை அந்தச் சன்னலிலிருந்து நகர்த்திச் சுத்திகரிப்பானை அறையில் வையுங்கள். இது முழுத் தீர்வு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி (ஈசூன் தாய், மீண்டும்): இரவில் தாக்குதல் வந்தால் நீலநிற நிவாரண இன்ஹேலர் கொடுத்துவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்?

பதில்: முதலில் புகை இல்லாத அறைக்குக் கொண்டுசெல்லுங்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். இன்ஹேலரை ஸ்பேசர் குழாயில் பொருத்தி ஒரு முறை அழுத்தி, நான்கைந்து இயல்பான மூச்சு விடச் செய்து, மீண்டும் குலுக்கி அடுத்ததைக் கொடுங்கள். பல அழுத்தங்களை ஒரே நேரத்தில் ஸ்பேசருக்குள் நிரப்பினால் மருந்தின் பெரும்பகுதி சுவரில் ஒட்டிவிடும். எத்தனை முறை, எவ்வளவு இடைவெளி என்பது மருத்துவர் எழுதித் தந்த செயல்திட்டத்தில் இருக்கும். அதைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள், இல்லையென்றால் அடுத்த வருகையில் கேட்டு வாங்குங்கள்.

விலா எலும்புகளுக்கிடையிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுத்தால், ஒரு முழு வாக்கியம் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பூத்தால், மருந்து கொடுத்தும் தணியாவிட்டால் அல்லது தணிந்து சீக்கிரமே திரும்ப வந்தால் காத்திருக்க வேண்டாம், 995ஐ அழையுங்கள்; வண்டி வரும்வரை நிவாரண மருந்தைத் தொடர்ந்து கொடுங்கள். விசில் சத்தம் நின்று பையன் சோர்ந்து தூங்க விரும்பினால் சரியாகிவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள்; சத்தம் எழுப்பும் அளவுக்குக்கூடக் காற்று போகவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம்.