மாதத்துக்கு நான்கு வாரம் இல்லை: அறை எடுத்துப் படிப்பவர்களின் கேள்விகள்

(பதில் சொல்பவர், கோலாலம்பூரில் நான்கு வருடம் வாடகை அறையில் இருந்து படித்த அக்கா.)

அக்கா, அப்பா மாதம் 1,000 வெள்ளி அனுப்புகிறார். செத்தாபாக்கில் அறை வாடகை 350. காசை நான்கு வாரமாகப் பிரித்தும் கடைசியில் கடன் வாங்குகிறேன். சாப்பாட்டில்தான் போகிறதா?

சாப்பாட்டின் மேல் பழி போடாதே தம்பி. 31 நாள் மாதத்தில் நான்கு வாரம் போக மூன்று நாள் மிச்சம் இருக்கிறது. நீ மாட்டுவது அந்த மூன்று நாளில்தான். வாடகை 350, தண்ணீர், மின்சாரம், இணையப் பங்கு 45, கைப்பேசி 35, பேருந்துக்கும் ரயிலுக்குமான மை50 பாஸ் 50 என்று வைத்துக்கொள். மீதி 520. அதில் 86-ஐத் தனியாக எடுத்துவை. அச்சடிப்பு, மருந்து, அறுந்த செருப்பு எல்லாம் அதில் அடங்கும். மிச்சம் 434, ஒரு நாளைக்கு 14 வெள்ளி. திங்கட்கிழமைதோறும் 98-ஐ மட்டும் இ-வாலெட்டுக்கு மாற்று. நான்கு வாரத்துக்கு 392 போனால் அந்த மூன்று நாளுக்கு 42 நிற்கும். அதுவரை அதைத் தொடாதே. 30 நாள் மாதத்தில் அப்பாவுக்குச் சம்பளம் ஒரு நாள் தள்ளிப் போனாலும் அதுதான் சோறு போடும்.

வாலெட்டை வங்கி அட்டையோடு இணைத்து, தானாக நிரம்பும்படி வைத்திருக்கிறாயா? முதலில் அதை நிறுத்து. புதன்கிழமையே வாலெட் காலியானால் கணக்கு எங்கே இடிக்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

சமைத்துச் சாப்பிட்டால் பாதிச் செலவு மிச்சம். இதை ஏன் சொல்லவில்லை?

நாலு பேர் சேர்ந்து சமைத்தால் சரி. தனி ஆளாக நான் வாங்கிய கீரையில் பாதி ஐஸ்பெட்டியிலேயே அழுகியது. அப்புறம் சோறு மட்டும் அறையில் வடித்தேன், கறியும் காயும் கலப்புச் சோற்றுக் கடையில் பொட்டலம். எனக்கு ஒத்துவந்தது அதுதான்.

எனக்கு வீட்டிலிருந்து வருவதில்லை, பி.டி.பி.டி.என். படிப்புக் கடன்தான். எனக்கும் இதே கணக்கா?

முதல் கேள்வி அப்பா அனுப்பும் காசைப் பற்றியது, பரவாயில்லை. உங்களுக்குப் பருவத்துக்கு ஒருமுறை மொத்தமாக வரும், அதனால் நீங்களே உங்களுக்கு அப்பா ஆக வேண்டும். கட்டணம் போக மீதியை விடுமுறை மாதங்களையும் சேர்த்து வகுத்து, வேறு கணக்கில் போட்டு, மாதாமாதம் எடுங்கள்.

சென்னையிலிருந்து வந்து படிக்கிறேன். மை50 எனக்கும் உண்டா?

இல்லை தம்பி, மலேசியர்களுக்கு மட்டும். அவர்களுக்கும் எப்போதும் லாபம் என்று சொல்ல முடியாது. ஒரு பயணம் இரண்டு வெள்ளி என்றால், 30 நாளில் 25 பயணத்துக்கு மேல் போனால்தான் மிச்சம். வளாகத்துக்கு நடந்தே போகிறவர்களுக்கு அது வீண். பருவ விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதும் புதுப்பிக்க வேண்டாம்.

இவ்வளவு கணக்குப் போட்டும் பத்தவில்லை. அப்பாவிடம் கூடுதலாகக் கேட்கலாமா?

அதை நான் சொல்ல முடியாது தங்கச்சி. நான் கேட்கவில்லை, என் தங்கை கேட்டாள். இரண்டு மாதச் செலவை எழுதி அம்மாவிடம்தான் முதலில் காட்டினாள். 50 கூடியது, திட்டும் கூடவே வந்தது.